"நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி" என்பதோடு நின்றுபோன 24 ஸ்லைடுகள்

கேள்வி

திருவொற்றியூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் எஞ்சினியராக இருக்கிறேன். கம்ப்ரசர் லைனில் ஏர் லீக் அதிகம். சரிசெய்ய 1,80,000 ரூபாய் கேட்டு முதலாளி, பிளான்ட் மேனேஜர், அக்கவுண்ட்ஸ் மேனேஜர் மூவர் முன்னால் 20 நிமிடம் பேசினேன். மொத்தம் 24 ஸ்லைடு. "நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி" என்றார் முதலாளி. மூன்று மாதமாகிறது, ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி பேசச் சொல்லியிருக்கிறார்கள். "ஒவ்வொரு ஸ்லைடுக்கும், இதைப் பார்த்துக் கேட்பவர் என்ன செய்யணும், என்ன நினைக்கணும்னு கேட்டுப் பார்" என்று நண்பர் சொன்னார். கேட்டுப் பார்த்தேன். எல்லா ஸ்லைடுக்கும் "தெரிந்துகொள்ள வேண்டும்" என்றே பதில் வருகிறது. முதலாளியிடம் "இதைச் செய்யுங்கள்" என்பது மரியாதைக் குறைவு இல்லையா? டேட்டாவைக் குறைத்தால் நான் வேலையே செய்யவில்லை என்று நினைக்க மாட்டார்களா? ஸ்லைடுகளையும், அன்று அவர்கள் கேட்ட கேள்விகளையும் இணைத்திருக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவொற்றியூர்

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது சரியான சோதனைதான். ஆனால் "கேட்பவர்" என்று பொதுவாக வைத்துக்கொண்டு கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "தெரிந்துகொள்ள வேண்டும்" என்பது யாருக்கும் பொருந்தும், அதனால் யாரையும் அசைக்காது. அந்த அறையில் இருந்தது மூன்று பேர். மூன்று பேருக்கும் வேலை வேறு, அதிகாரம் வேறு, ஏற்கெனவே மனதில் இருந்த எண்ணமும் வேறு. கேள்வியில் ஆளின் பெயரைப் போடுங்கள்: "இந்த ஸ்லைடைப் பார்த்ததும் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் என்ன நினைக்க வேண்டும்? அதற்கு முன் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்?" இப்படிக் கேட்டால் "தெரிந்துகொள்ள வேண்டும்" என்று எழுதக் கை வராது.

நீங்கள் அனுப்பியவற்றில் ஸ்லைடுகளைவிட மதிப்புள்ளது அன்று அவர்கள் கேட்ட மூன்று கேள்விகள்தான். முதலாளி, "போன வருஷம்தானே லீக் வேலை பார்த்தோம்?" என்று கேட்டிருக்கிறார். பிளான்ட் மேனேஜர், "எந்த பிளான்ட்லதான் ஏர் லீக் இல்ல?" என்றிருக்கிறார். அக்கவுண்ட்ஸ் மேனேஜர், "இ.பி. ரேட் ஏறியிருக்கு, அதான் பில் ஏறுது" என்றிருக்கிறார். நீங்கள் இவற்றைச் சந்தேகங்களாக எடுத்துக்கொண்டு வாயால் பதில் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறீர்கள். உண்மையில் இவை மூன்று பேரும் அறைக்குள் நுழையும்போதே கொண்டுவந்த நம்பிக்கைகள். 24 ஸ்லைடு முடிந்த பிறகும் அவை அப்படியே இருந்ததால்தான் கேள்வியாக வெளிவந்தன. "லீக் என்பது பெரிய விஷயமில்லை" என்று நம்பும் ஒருவர் 1,80,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடமாட்டார். உங்களைப் பாராட்டிவிட்டு எழுந்துபோவார். அதுதான் நடந்திருக்கிறது.

முதலில் கடைசி ஸ்லைடு

உங்கள் கடைசி ஸ்லைடில் "நன்றி" என்றும் "கேள்விகள்?" என்றும் பெரிய எழுத்தில் இருக்கிறது. கூட்டத்தில் அதிக நேரம் திரையில் நின்றது அதுதான், கவனித்தீர்களா? மற்றவை ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நின்றிருக்கும். கலந்துபேசிய நேரம் முழுக்க நன்றி ஸ்லைடு நின்றிருக்கிறது. அதைப் பார்த்து முதலாளி என்ன செய்ய முடியும்? பதிலுக்கு நன்றி சொல்லலாம்.

எனவே திருத்தத்தைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது யார், எதை, எந்தத் தேதிக்குள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் இது மூன்று வரி. முதலாளி 1,80,000 ரூபாய்க்கு ஒப்புதல் தர வேண்டும். பிளான்ட் மேனேஜர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிநேரம் இரண்டாம் லைனை நிறுத்தி, இரண்டு ஃபிட்டர்களைத் தர வேண்டும். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் உதிரிபாக ஆர்டரை இத்தனாம் தேதிக்குள் விட வேண்டும். 24 ஸ்லைடில் பணம் கேட்டது ஒரே இடத்தில், அதுவும் 21-ஆம் ஸ்லைடின் அட்டவணையில் கடைசி வரிசையில். லைனை நிறுத்தும் பேச்சு எங்கேயும் இல்லை. அதாவது பணம் கிடைத்திருந்தாலும் வேலை தொடங்கியிருக்காது.

இந்த மூன்று வரிதான் உங்கள் கடைசி ஸ்லைடு. கலந்துபேசும் நேரமெல்லாம் இது திரையில் நிற்கட்டும். இதன் சுருக்கத்தை முதல் ஸ்லைடிலும் வையுங்கள். முதலாளிக்குப் பாதியில் போன் வரலாம், எழுந்து போகலாம். எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பது முதல் நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்லைடுக்குக் கீழே ஒரு வரி

இப்போது சோதனை. பவர்பாயின்டில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே `Notes` என்ற இடம் இருக்கிறது. அதன் முதல் வரியில், நீங்கள் பேசுகிற தமிழிலேயே, இந்த வடிவில் எழுதுங்கள்: "இதைப் பார்த்ததும் (யார்), இதுவரை (இப்படி) நினைத்தவர், இனி (இப்படி) நினைப்பார்." அல்லது "இதைப் பார்த்ததும் (யார்) (இதை) செய்வார்." ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்தாலும் இந்த வரியைத் தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் ஓவர்வியூ, இன்ட்ரோ, அவேர்னஸ் என்று கை தானாக எழுதிவிடும், சோதனை நடந்ததுபோலத் தோன்றும். வீட்டில் ஒருவரிடம் சொல்வதுபோல எழுதினால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்காது.

"தெரிந்துகொள்வார்", "புரிந்துகொள்வார்" என்று வந்தால் அந்த வரியை முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "தெரிந்த பிறகு?" என்று இன்னொரு முறை கேளுங்கள். பதில் வந்தால் அந்தப் பதில்தான் உண்மையான வரி. வராவிட்டால் அந்த ஸ்லைடுக்கு இந்தக் கூட்டத்தில் வேலை இல்லை.

"நினைப்பார்" என்று எழுதிய வரிகளுக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். இதற்கு நேர்மாறாக நினைக்கும் ஒருவர் அந்த அறையில் இருக்கிறாரா? உங்கள் நான்காம் ஸ்லைடு, "உற்பத்திக்குக் காற்றழுத்தம் மிக முக்கியம்" என்கிறது. இல்லை என்று சொல்ல அங்கே யாருமில்லை. எல்லாரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைச் சொல்லும் ஸ்லைடால் யாருடைய எண்ணமும் மாறப்போவதில்லை. கம்பெனி அறிமுகம், பொருளடக்கம், கம்ப்ரசர் வகைகள், காற்றழுத்தம் செயல்படும் விதம் என்று உங்கள் முதல் ஏழு ஸ்லைடும் இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடுகின்றன. 20 நிமிடத்தில் ஏறக்குறைய ஆறு நிமிடம் அவற்றுக்குப் போயிருக்கிறது. முதலாளிக்கு அவர் கம்பெனியையே அறிமுகம் செய்யத் தேவையில்லை.

மின்கட்டண ஸ்லைடு எதிராளிக்கு வேலை செய்தது

ஒன்பதாம் ஸ்லைடை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இரண்டு வருட மின்கட்டணத்தை ரூபாயில் கோடு வரைந்து, "மின்கட்டணம் 18 சதவீதம் உயர்வு" என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். பார்க்க அழகான ஸ்லைடு. இதை நம் சோதனையில் வைத்துப் பாருங்கள். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் இதுவரை என்ன நினைத்தார்? ரேட் ஏறியதால் பில் ஏறுகிறது என்று. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது, அதன் பிறகும் தொழிற்சாலைகளுக்கு உயர்ந்தது. பில்லை மாதாமாதம் கையில் வாங்குபவர் அவர். ரூபாயில் ஏறும் கோட்டைப் பார்த்ததும், "நான் சொன்னது சரிதான்" என்றுதான் நினைப்பார். உங்கள் ஸ்லைடு உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது. தகவல் தவறில்லை. எந்த நம்பிக்கையை அசைக்க வேண்டும் என்று கேட்காமல் வரைந்ததுதான் தவறு.

இப்போது வரியை எழுதுங்கள்: "இதைப் பார்த்ததும் அக்கவுண்ட்ஸ் மேனேஜர், ரேட் மட்டும்தான் காரணம் என்று நினைத்தவர், அதே வேலைக்கு அதிக மின்சாரமும் செலவாகிறது என்று நினைப்பார்." வரி இப்படி வந்ததும் படம் தானாக மாறுகிறது. ரூபாய் போய்விட வேண்டும், யூனிட் வர வேண்டும். யூனிட் மட்டும் போதுமா? போதாது. "உற்பத்தி கூடியிருக்கும்" என்று பிளான்ட் மேனேஜர் சொல்லிவிடுவார். எனவே யூனிட்டை உற்பத்தியால் வகுத்து, ஆயிரம் பீஸுக்கு எத்தனை யூனிட் என்று போடுங்கள். உங்கள் பின்னிணைப்பிலேயே அதற்கான எண்கள் இருக்கின்றன. யூனிட் 11 சதவீதம் கூடியிருக்கிறது, உற்பத்தி 2 சதவீதம்தான் கூடியிருக்கிறது. அப்படியானால் ஒரு பீஸுக்கான மின்சாரம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடியிருக்கிறது. இதில் ரேட்டுக்கு இடமே இல்லை. தலைப்பையும் அப்படியே முழு வாக்கியமாக எழுதுங்கள்: "ரேட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், ஒரு பீஸுக்கு 9% மின்சாரம் அதிகம் செலவாகிறது."

ஒரு எச்சரிக்கை. அந்த 9 சதவீதமும் ஏர் லீக்கால் வந்தது என்று ஆர்வத்தில் சொல்லிவிடாதீர்கள். இந்தப் படம் அதை நிரூபிக்கவில்லை. பழைய மோட்டாரும் காரணமாக இருக்கலாம், உற்பத்தியின் வகை மாறியதும் காரணமாக இருக்கலாம். "ரேட் மட்டும்தான்" என்ற நம்பிக்கையைத் தளர்த்துவதோடு இந்த ஸ்லைடின் வேலை முடிகிறது. லீக்கை நிரூபிக்க உங்களிடம் வேறு நல்ல ஆயுதம் இருக்கிறது.

அது 15-ஆம் ஸ்லைடில் புதைந்துகிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்பத்தி இல்லாதபோது கம்ப்ரசரை ஓடவிட்டு, காற்றை அழுத்தும் லோடில் எத்தனை நிமிடம், சும்மா சுற்றும் அன்லோடில் எத்தனை நிமிடம் என்று பத்து சுற்று அளந்திருக்கிறீர்கள். சராசரியாக 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு. இரண்டை எட்டால் வகுத்தால் 25 சதவீதம். அருமையான வேலை. ஆனால் ஸ்லைடில் முதலில் இருப்பது சூத்திரம், பிறகு பத்து வரிசை அட்டவணை, கடைசியில்தான் 25%. யாருக்காக இந்த ஸ்லைடு? "எந்த பிளான்ட்லதான் லீக் இல்ல?" என்று கேட்ட பிளான்ட் மேனேஜருக்காக. லீக் இருக்கிறது என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் உறைக்காது, அவரே அதைத்தான் சொல்கிறார். எவ்வளவு என்பதுதான் உறைக்க வேண்டும். "ஒரு மெஷினும் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில், கம்ப்ரசர் தன் முழுத் திறனில் நாலில் ஒரு பங்குக் காற்றைத் தயாரித்துக்கொண்டே இருந்தது" என்று தலைப்பெழுதி, கீழே எட்டு நிமிடத்துக்கு ஒரு பட்டை வரைந்து, இரண்டு நிமிடத்தை மட்டும் சிவப்பாக்குங்கள். அவ்வளவு போதும். "அன்னைக்கு மெஷின் ஏர் வால்வு திறந்திருந்துதா, மூடியிருந்துதா?" என்று அவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் மூடியிருந்தால் மெஷினுக்குள் இருக்கும் லீக் கணக்கில் வராது. அதற்கான விவரம் பின்னால் தயாராக இருக்கட்டும்.

46 வரிசை அட்டவணைக்கு இரண்டு ஆட்கள்

18-ஆம் ஸ்லைடில் லீக் இருக்கும் 46 இடங்களையும் எக்ஸெலிலிருந்து அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். மேசையின் மறுமுனையில் இருப்பவருக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரிந்திருக்காது. எழுத்தின் அளவு இங்கே இரண்டாம் பிரச்சினைதான். பெரிதாக்கி நான்கு ஸ்லைடாகப் பிரித்தாலும் கதை மாறாது. இதைப் பார்த்து யார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் ஒரு பதில் வருவதில்லை, இரண்டு வருகிறது. அதுதான் அடையாளம். ஒரே ஸ்லைடில் இரண்டு வேலைகள் கலந்துகிடக்கின்றன.

பட்டியலை உற்றுப் பார்த்தால் 29 இடங்கள் மரை தளர்ந்தவை, ஹோஸ் கிளாம்ப் கழன்றவை, சீல் டேப் போனவை. இவற்றுக்குத் தேவையானது உங்கள் ஸ்டோரிலேயே இருக்கிறது. பணம் வேண்டாம், லைன் நிற்க வேண்டும். மீதி 17 இடங்களில்தான் குயிக் கப்ளர், ஃபில்டர் ரெகுலேட்டர், சிலிண்டர் சீல் கிட், ஆட்டோ டிரெயின் வால்வு என்று வாங்க வேண்டியவை. 1,80,000 அதற்குத்தான். எனவே ஸ்லைடு இரண்டு பெட்டியாகட்டும். இடது பெட்டியில் "29 இடம்: ஒரு ஞாயிறு போதும், செலவு இல்லை". வலது பெட்டியில் "17 இடம்: உதிரிபாகம் ரூ.1,80,000". இடது பெட்டியைப் பார்த்துப் பிளான்ட் மேனேஜர் செய்வார், வலது பெட்டியைப் பார்த்து முதலாளி செய்வார். "செலவு இல்லை" என்று எழுதும்போது ஞாயிற்று வேலைக்கான ஓவர்டைமையோ மாற்று விடுமுறையையோ மறந்துவிடாதீர்கள். அதையும் ஒரு வரியாகச் சேர்த்தால் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் குறுக்கிடமாட்டார்.

முதலாளியின் "போன வருஷம்தானே பார்த்தோம்?" என்பதற்கு உங்களிடம் ஒரு ஸ்லைடும் இல்லை. இதற்கு ஒரே ஒரு புகைப்படம் போதும். இரண்டாம் லைனில் மேற்குச் சுவர் ஓரமாகத் துருப்பிடித்திருக்கும் ஜி.ஐ. பைப் மரையின் படம் உங்கள் கோப்பில் 22-ஆம் ஸ்லைடின் மூலையில் தீப்பெட்டி அளவில் இருக்கிறது. அதைத் திரை முழுக்க விடுங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக்காற்றில் இரும்பு மரை என்ன பாடுபடும் என்று திருவொற்றியூரில் கம்பெனி நடத்துபவருக்கு விளக்கத் தேவையில்லை, அவர் வீட்டு ஜன்னல் கம்பியே சொல்லும். "போன வருடம் சரிசெய்த இடம் இது. கடற்காற்றில் மரை மறுபடி அரித்துவிட்டது" என்ற தலைப்போடு அந்தப் படம் நின்றால், "வேலை சரியாகச் செய்யவில்லை" என்ற எண்ணம் "இது வருடா வருடம் பார்க்க வேண்டிய வேலை" என்று மாறும். அந்த இடம் உண்மையிலேயே போன வருடம் சரிசெய்ததுதானா என்று பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான் தலைப்பை எழுத வேண்டும்.

கணக்கு ஸ்லைடில் இருக்கும் ஆபத்து

21-ஆம் ஸ்லைடில் "ஆண்டுச் சேமிப்பு ரூ.5,18,400" என்று இருக்கிறது. கணக்கு இப்படி: நிமிடத்துக்கு 300 கன அடி, அதாவது 300 சி.எஃப்.எம்., காற்று தரும் கம்ப்ரசரில் 25 சதவீதம் 75 சி.எஃப்.எம்.; 100 சி.எஃப்.எம்.முக்கு 18 கிலோவாட் என்றால் 13.5 கிலோவாட்; வருடத்துக்கு 4,800 மணிநேரம்; யூனிட்டுக்கு 8 ரூபாய். பெருக்கல் சரி. ஆனால் இந்த ஸ்லைடைப் பார்த்து அக்கவுண்ட்ஸ் மேனேஜர் நினைக்க வேண்டியது "சேமிப்பு பெரியது" என்பது அல்ல, "இந்த எண்ணை நம்பி வவுச்சர் போடலாம்" என்பது. அந்த வரியை வைத்துப் பார்த்தால் இந்த எண் தேறாது.

முதலாவது, ஓடுகிற பிளான்டில் லீக்கைப் பூஜ்யமாக்க முடியாது. 25-ஐ 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தாலே நல்ல வேலை. அப்போது மிச்சமாவது 45 சி.எஃப்.எம்., அதாவது 8.1 கிலோவாட். இரண்டாவது, உங்களுடையது லோடு-அன்லோடு வகை ஸ்குரூ கம்ப்ரசர். அன்லோடில் சும்மா சுற்றும்போதும் அது முழுச்சுமையில் இழுப்பதில் ஏறக்குறைய 30 சதவீதம் மின்சாரத்தை இழுக்கும். எனவே உண்மையில் மிச்சமாவது 8.1-இல் 70 சதவீதம், 5.67 கிலோவாட். 4,800 மணிநேரத்துக்கு 27,216 யூனிட், 8 ரூபாய் வீதம் 2,17,728 ரூபாய். "போட்ட பணம் ஏறக்குறைய 10 மாதத்தில் திரும்பும்" என்று தலைப்பெழுதுங்கள். 5 லட்சம் 2 லட்சமாகச் சுருங்குகிறதே என்று வருந்த வேண்டாம். 5 லட்சம் என்று சொல்லி, கம்ப்ரசர் சப்ளையரிடம் ஒரு போன் போட்டு அவர் சரிபார்த்துவிட்டால் மற்ற எல்லா ஸ்லைடும் அதோடு விழும். 10 மாதம் என்பதே ஒப்புதல் வாங்கப் போதுமான எண். அந்த 30 சதவீதத்தை மட்டும் உங்கள் கம்ப்ரசரில் கிளாம்ப் மீட்டர் வைத்து நேரில் அளந்து போட்டுக்கொள்ளுங்கள். அன்லோடில் பவர் ஃபேக்டர் குறையும் என்பதால் ஆம்பியரை மட்டும் பார்க்காமல் கிலோவாட் காட்டும் மீட்டராக இருக்கட்டும்.

மரியாதை பற்றி

"இதைச் செய்யுங்கள்" என்று திரையில் யாரும் எழுதச் சொல்லவில்லை. `Notes`-இல் எழுதும் வரி உங்களுக்கு மட்டும். திரையில் வருவது "ஒப்புதல் வேண்டுவது" என்ற தலைப்பும் அதன் கீழ் மூன்று வரியும். வாயால், "சார், மூணு விஷயத்துக்கு உங்க முடிவு வேணும்" என்று தொடங்கினால் போதும். தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பெரியவரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடுவது மரியாதையாகத் தோன்றும், ஆனால் அவர் நேரத்தைத்தான் அது செலவழிக்கிறது. மறுப்பதற்கும் வழி வைத்துக் கேளுங்கள்: முழு வேலைக்கும் ஒப்புதல், அல்லது செலவில்லாத 29 இடத்துக்கு மட்டும் ஒரு ஞாயிறு, அல்லது இப்போது வேண்டாம். இரண்டாவது கிடைத்தாலே உங்களுக்கு லாபம். வேலை முடிந்ததும் அதே ஞாயிறு அளவையை மறுபடி எடுத்துக் காட்டினால் மீதிப் பணம் கேட்பது சுலபம்.

மரியாதை உண்மையில் உடையக்கூடிய இடம் வேறு. லைனை நிறுத்தச் சொல்லிப் பிளான்ட் மேனேஜரிடம் முதன்முதலாக முதலாளி முன்னால் கேட்காதீர்கள். அவரால் அந்த இடத்தில் "முடியாது" என்று சொல்லத்தான் முடியும், அவருக்கு டெலிவரி நெருக்கடி இருக்கும். ஒரு வாரம் முன்பே தனியாகப் பார்த்து, எந்த ஞாயிறு தோதுப்படும் என்று கேட்டு, அவர் சொன்ன தேதியையே ஸ்லைடில் போடுங்கள்.

டேட்டாவை எங்கே வைப்பது

உங்கள் பயம் நியாயமானது. அட்டவணை இல்லாமல் போனால் கேள்வி வரும்போது கை வெறுங்கையாக இருக்கும். எனவே தூக்கிப்போடாதீர்கள், கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் நகர்த்தி, வலது கிளிக்கில் `Hide Slide` கொடுத்துவிடுங்கள். ஓட்டும்போது அவை தானாக வராது. கேள்வி வந்தால் அந்த ஸ்லைடின் எண்ணைத் தட்டி `Enter` அழுத்துங்கள், நேராக அங்கே போகும். எந்த எண்ணில் எது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்திருங்கள். பத்து சுற்று அளவையைக் கேட்ட மறுநொடி திரையில் கொண்டுவருபவரை, வேலை செய்யாதவர் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

இந்தப் பின்வரிசைக்கும் அதே சோதனைதான், கேள்வி மட்டும் கொஞ்சம் மாறும்: "யார் என்ன கேட்டால் இதைத் திறப்பேன்?" பதில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் வகைகள் ஸ்லைடைத் திறக்க வைக்கும் கேள்வியை அந்த மூவரில் யாரும் கேட்கப்போவதில்லை. அது கோப்பிலிருந்தே போகலாம். என் கணக்கில் உங்களுக்கு முன்னால் ஏழு ஸ்லைடு, பின்னால் ஐந்து தேறும். ஏழு என்பது இலக்கு அல்ல, அந்த மூவரின் மூன்று நம்பிக்கைகளுக்கும் நீங்கள் கேட்கும் மூன்று முடிவுகளுக்கும் அவ்வளவு தேவைப்பட்டது. கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஸ்லைடில் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு தனியாக எழுதுங்கள். ஒரே ஸ்லைடைப் படிக்கவும் பேசவும் சேர்த்துப் பயன்படுத்தினால், நீங்கள் பேசும்போது அவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள்.

கம்பெனி அறிமுகமும் பொருளடக்கமும் இருந்தே ஆக வேண்டும் என்று உங்கள் துறைத் தலைவர் சொன்னால் அதற்காகச் சண்டை போட வேண்டாம். லோகோவோடு ஒரு தலைப்பு ஸ்லைடு வைத்து ஐந்து நொடியில் கடந்துவிடுங்கள்.

வேறு கண்ணால் ஒரு முறை

உங்கள் வரிகளை நீங்களே சரிபார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். குவாலிட்டி பிரிவிலோ ஸ்டோரிலோ இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு ஸ்லைடையும் பத்து நொடி காட்டி மறைத்துவிட்டு, "இதைப் பார்த்து முதலாளி என்ன நினைக்கணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை `Notes` வரியோடு ஒப்பிடுங்கள். வேறாக வந்தால் அவருக்கு விளக்காதீர்கள், ஸ்லைடைத் திருத்துங்கள். கூட்டத்திலும் ஒவ்வொருவருக்கும் தனியாக விளக்க உங்களுக்கு நேரம் இருக்காது. "கம்ப்ரசர் பத்தி ஏதோ" என்று சொன்னால் தலைப்பு வெறும் பெயராக இருக்கிறது, அதை வாக்கியமாக்க வேண்டும். பிறகு `Outline View`-இல் தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். படங்கள் இல்லாமலேயே கோரிக்கை புரிய வேண்டும்.

இந்தச் சோதனையை அளவுக்கு மீறி இழுத்து, ஒவ்வொரு ஸ்லைடிலும் "ஒப்புதல் தருக" என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் ஏழில் செய்யச் சொல்பவை மூன்றுதான்: முதல், கடைசி, 46 இடத்தைப் பிரித்துக் காட்டுவது. மற்ற நான்கும் எண்ணத்தை மாற்றுபவை, அவை எதையும் கேட்காமல் நின்றால்தான் நம்புவார்கள். ஃபிட்டர்களுக்கு இதே விஷயத்தைப் பயிற்சியாக எடுக்க நேர்ந்தால் இந்த ஏழும் உதவாது. அங்கே கேட்பவர் மாறிவிட்டார். சோப்புத் தண்ணீர் தடவி லீக் பார்ப்பது, சீல் டேப்பை மரையின் திசையில் சுற்றுவது என்று அவர்கள் கை செய்ய வேண்டியதிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

கூட்டம் முடிந்த அன்று மாலையே மூவருக்கும் ஒரு மெயில் அனுப்புங்கள். கடைசி ஸ்லைடின் அதே மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒப்புக்கொண்டவர், தேதி. ஏதாவது ஒன்றுக்கு முடிவு கிடைக்காவிட்டால் அந்த வரியில் "முடிவு நிலுவையில்" என்று எழுதி, எப்போது மறுபடி கேட்கலாம் என்று ஒரு தேதியைப் போடுங்கள். அந்தத் தேதியில் பிளான்ட் மேனேஜரை முதலில் பாருங்கள், ஏனென்றால் அவர் தர வேண்டிய ஞாயிற்றுக்குப் பணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.